ஏழாம் மணிப் புள்ளி

என் கண்ணைப் பற்றி நானே பெருமையாகப் பேசுவது என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும். பதினோரு வருடம் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் டயல் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்தவள் நான். வெள்ளை விளக்குக்குக் கீழே தட்டுத் தட்டாக டயல்கள் வரும். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, தேறாததைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நான் ஒதுக்கியதை மேலதிகாரி திரும்ப எடுத்துப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போவார். கல்யாணத்துக்குப் பிறகு செங்கல்பட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதாகக் கடை போட்டேன். பழுது பார்ப்பேன், பழைய வாட்சுகளை வாங்கி விற்பேன்.

போலியைக் கண்டுபிடிக்க நான் பின்மூடியைத் திறப்பதற்கு முன்பே டயலைப் பார்ப்பேன். முதலில் தேதிக் கட்டம். நல்ல வாட்சில் எண் கட்டத்துக்கு நடுவில், நாலு பக்கமும் ஒரே இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும். ஒன்றாம் தேதியும் அப்படித்தான், முப்பத்தொன்றும் அப்படித்தான். போலியில் ஒரு எண் இடது பக்கம் ஒதுங்கும், இன்னொன்றின் கால் கட்டத்தின் விளிம்பில் வெட்டுப்படும், மை தடித்திருக்கும். நல்ல வாட்சிலேயே எப்போதாவது ஒரு தேதி மயிரிழை நகர்ந்திருப்பது உண்டு. அதனால் அதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அடுத்தது ரேடியம், இருட்டில் ஒளிர்வதற்காக மணிப் புள்ளிகளில் நிரப்பும் பூச்சு. எல்லாப் புள்ளியிலும் ஒரே உயரம், விளிம்பு வரை ஒரே நிறைவு இருக்க வேண்டும். போலியில் ஒரு புள்ளி வழிந்திருக்கும், இன்னொன்று பாதி காலியாக இருக்கும். இரண்டு குறையும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் "டூப்ளிகேட்" என்று சொல்லிவிடுவது என் பழக்கம். அதில் எனக்கு ஒரு ருசி உண்டு, மறைப்பானேன். "மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ற நீ" என்பார் வீட்டுக்காரர். அடித்தால்தானே உறைக்கும் என்பேன்.

அந்த வாய்தான் ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தது.

காலை பதினோரு மணி இருக்கும். இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் மாமல்லபுரம் கடற்கரையில் இருக்கும் ஒரு விடுதியின் மேனேஜர். முன்பு ஒரு முறை அவருடைய வாட்சுக்கு பேட்டரி போட்டுக் கொடுத்திருக்கிறேன். மற்றவர் அங்கே தங்கியிருக்கும் விருந்தாளி, நல்ல வசதிக்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் வாட்சைக் கழற்றி என் கண்ணாடி மேசை மேல் வைத்து, "இது ஒரிஜினலா பாருங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாம் மணிப் பக்கம் கண்ணாடிக்கு உள்ளே லேசாக ஆவி படிந்திருந்தது. தேதி இருபத்தாறு, ஆறின் வயிறு கட்டத்தில் இடித்துக்கொண்டிருந்தது. ஏழாம் மணிப் புள்ளியில் ரேடியம் பாதிதான் இருந்தது. மீதி விளிம்பைத் தாண்டி வழிந்து காய்ந்திருந்தது. லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"டூப்ளிகேட் சார்."

இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் தொங்கிப்போகும். இவர் முகமோ மலர்ந்துவிட்டது. மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "நான் சொல்லல? மாத்திட்டாங்க!" என்றார்.

அப்புறம்தான் கதையே எனக்குத் தெரிந்தது. முந்தின நாள் காலை வாட்சை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் ஒரு பெண் அறையைச் சுத்தம் செய்திருக்கிறார். பிறகு இவர் அதே வாட்சைக் கட்டிக்கொண்டு முதல் முறையாக நீச்சல் குளத்தில் இறங்கியிருக்கிறார். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று டயலிலேயே போட்டிருக்கும் வாட்சில் எப்படித் தண்ணீர் புகும்? அந்தப் பெண் அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார் என்பது அவர் கணக்கு.

மேனேஜர் உடனே போனை எடுத்தார். "அந்தம்மாவ எங்கயும் வுடாத. பைய செக் பண்ணு. நான் வந்து ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுத்துக்கிறேன்."

லென்ஸைக் கண்ணிலிருந்து பிடுங்கினேன். "நில்லுங்க சார். டூப்ளிகேட்னுதான் சொன்னேன், மாத்திட்டாங்கன்னு எப்ப சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்? அத அப்பிடியே உங்க லெட்டர்பேட்ல எழுதிக் குடுத்துருங்க" என்றார் விருந்தாளி.

"ஒண்ணு இல்ல. எழுதித் தரேன், ஆனா அங்க வந்து, அந்தம்மா எதிர்லதான் எழுதுவேன்."

நடுப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு அவர்கள் காரிலேயே ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். யாருடையது, எதற்குப் பார்க்கிறீர்கள் என்று இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? போலி என்பது உண்மை, அதை மாற்றிச் சொல்ல முடியாது. நேற்றைக்கு முன்னாலும் இது போலியாகத்தான் இருந்தது என்று காட்டினால்தான் அந்தப் பெண் பிழைப்பார். பின்மூடியைத் திறந்து பார்த்துப் பயனில்லை. உள்ளே இருக்கும் இயந்திரத்தை யாரும் படம் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் டயலை? அந்த யோசனை வந்ததும்தான் என்னைத் திட்டுவதை நிறுத்தினேன்.

விடுதியில் துணிகள் அடுக்கும் அறையில் அந்தப் பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். சீருடைப் புடவை, இழுத்துப் பின்னிய தலை. அவருடைய பையை மேசை மேல் கொட்டியிருந்தார்கள்: சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலி மாத்திரை, பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை. அவர் அழவில்லை. "நான் எடுக்கல" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

நான் விருந்தாளியிடம் திரும்பினேன். "இங்க வந்தன்னிக்கு இந்த வாட்சோட போட்டோ எடுத்தீங்களா சார்?"

எடுக்காமல் இருப்பாரா? வாட்சு மோகம் உள்ளவர்களை எனக்குத் தெரியும். வந்து இறங்கிய இருபத்துநாலாம் தேதி, கடலைப் பின்னால் வைத்து, கையில் இளநீரோடு எடுத்த படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டத்துக்குள் இருபத்துநாலின் நாலு வலது பக்கம் ஒதுங்கி, அதன் முனை விளிம்புக்குள் மறைந்திருந்தது.

"இப்ப பாருங்க" என்று வாட்சின் சாவியை இழுத்தேன். முட்களை முதலில் ஆறு மணிக்கு நகர்த்தினேன். நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் முட்கள் நிற்கும்போது தேதியைத் திருப்பினால் உள்ளே சக்கரத்தின் பல் உடையும். போலியாக இருந்தாலும் என் கையில் ஒன்று உடையக் கூடாது. தேதி முன்னால் மட்டும்தான் போகும். இருபத்தாறிலிருந்து முப்பத்தொன்றைக் கடந்து, ஒன்றிலிருந்து மறுபடி ஏறி இருபத்துநாலு வர இருபத்தொன்பது சொடுக்கு. அந்த அறையில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. இருபத்துநாலு வந்து நின்றது. நாலு வலது பக்கம் ஒதுங்கி, முனை விளிம்புக்குள் மறைந்திருந்தது.

மேனேஜர் போனையும் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார். விருந்தாளி விடவில்லை. "அதே மாடல் காப்பி எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும்?"

"நல்ல வாட்சுங்கதான் சார் ஒண்ணப் போல இருக்கும். கோணல் ஒவ்வொண்ணுக்கும் தனி. இருட்டுல எரியற மாதிரி போட்டோ ஏதாவது வச்சிருக்கீங்களா?"

அதுவும் வைத்திருந்தார். போன வருடம் வாட்சு வந்த அன்றே இருட்டில் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிய படம். பதினொரு புள்ளிகள் பச்சையாக ஒளிர்ந்தன, ஏழாம் மணிப் புள்ளி மட்டும் மங்கலான பாதி. துணி அறைக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தோம். வாட்சின் மேல் போன் டார்ச்சைச் சிறிது நேரம் அடித்துவிட்டு நிறுத்தினேன். ஏழாம் மணிப் புள்ளி மட்டும் மங்கலான பாதி. உடம்பில் மச்சம் பார்த்து ஆளை அடையாளம் சொல்வது போலத்தான்.

"உங்க வாட்ச் இதுதான் சார். யாரும் மாத்தல. வாங்குன அன்னிக்கே டூப்ளிகேட். தண்ணி இப்பத்தான் காட்டிக் குடுத்துச்சு."

"என் மச்சான் துபாய்லேர்ந்து வாங்கிட்டு வந்தாரு" என்றார் அவர், குரல் இறங்கிப்போய்.

"அத உங்க மச்சான்கிட்ட கேளுங்க."

சொன்னபடி லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தேன்: வாட்சு போலி, படங்களில் இருப்பதும் இதே வாட்சு. கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாகவே போட்டேன். மேனேஜர் அந்தப் பெண்ணிடம், "சரி சரி, போய் வேலையப் பாரும்மா" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கொட்டுனது நீங்க. அள்ளிப் போடுறதும் நீங்களே போடுங்க" என்றேன். சீப்பையும் மாத்திரையையும் சில்லறையையும் ஒவ்வொன்றாக எடுத்து மேனேஜரே பைக்குள் போட்டார். விருந்தாளி அந்தப் பெண்ணைப் பார்த்து "சாரிம்மா" என்றார். அந்தப் பெண் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

வாசல் வரை அந்தப் பெண் என்னோடு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை, என் கண் அன்று செய்த வேலையை நினைத்து. நன்றி சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"யக்கா, மொத நாளு தண்ணி பாட்டில் வைக்கப் போனப்பவே பாத்தேன்" என்றார். "மேசை மேல இருந்துச்சு. அந்த நாலு ஓரமா ஒட்டிக்கினு கீதேன்னு நெனச்சேன். ஏழுகிட்ட ஒரு புள்ளியும் பிசிறா இருந்துச்சு. பெட்ஷீட்டு ஒரு விரல் கோணினாலே எனக்கு உறுத்தும்க்கா, வேலை அப்பிடி."

லென்ஸ் இல்லை, வெள்ளை விளக்கு இல்லை, மேசையைத் துடைக்க வந்த இடத்தில் வெறும் கண்ணால் பார்த்திருக்கிறார். "இத ஏம்மா உள்ள சொல்லல?"

"யாரு கேட்டாங்க?" என்றார். "நான் உக்காந்துகினுதான் இருந்தேன். எடுத்தியான்னு கேட்டாங்க. பாத்தியான்னு யாரும் கேக்கலயே. நீங்களும் கேக்கல."

அவர் சொன்னது சரிதான். அந்த அறைக்குள் போய் நான் முதலில் பேசியது விருந்தாளியிடம், இரண்டாவதும் அவரிடம். என் கண்ணைக் காட்டும் அவசரத்தில் அந்தப் பெண்ணை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இப்போதும் நான் பெருமை பேசுவதை விடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன், இருபத்தொன்பது சொடுக்கையும் விடாமல் சொல்வேன். ஆனால் யாராவது, "இந்த ஜில்லாவுலயே உங்களுக்கு இருக்குற கண்ணு வேற யாருக்கும் இல்ல மேடம்" என்றால், இருக்கு என்பேன். மாமல்லபுரத்தில் ஒரு பெண்ணுக்கு என்னைவிட நல்ல கண் இருக்கிறது. பிறகு எதிரில் இருப்பவரை உட்காரச் சொல்லி, இது யாருடையது, எதற்காகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் லென்ஸை எடுப்பேன்.