எழில்மதி போட்ட நைட்டிப் படம்

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்காக நைட்டி தைத்து, கள்ளக்குறிச்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் விற்கிறாள் எழில்மதி. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்றவள் நான், அளவு சொல்வேன். விளம்பரப் படத்தை ஏஐயில் உருவாக்கினாள். அதில் நைட்டியின் கைப்பகுதியும் முழுவதும் திறக்கும்படி இருந்தது; இவள் தைத்ததில் முன்பக்கம் மட்டும்தான் திறக்கும். படத்தின் ஓரத்தில் ‘ஏஐ படம்’ என்று சின்னதாக எழுதியிருந்தாள்.

திருநாவலூர் காசிநாதன் நைட்டியோடு வந்தார். பக்கவாதம் வந்த தன் அம்மாவுக்கு வாங்கியிருந்தார்.

“மடங்கிப்போன கைய நுழைச்சேன், கத்திட்டாங்க. போன மாசம் போயிட்டாங்க.”

“ஏஐன்னு போட்டிருந்தேனேண்ணா.”

“படத்துல இருக்கிற பொம்பளதான் பொய்யின்னு நெனச்சேம்மா. துணியுமா?”

மறுநாள் எழில்மதி என்னைப் படுக்கவைத்து நிஜ நைட்டியைப் படமெடுத்தாள். அதன் அடியில் ‘முன்பக்கம் மட்டும்தான் திறக்கும்’ என்று பெரிதாக எழுதினாள்.