தூக்கணாங்குருவி பனியனின் கடிதக்காரி

சாரதாமணி 1998 ஜூன் மாதம் தூக்கணாங்குருவி பனியன் கம்பெனியில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. நெசவுக் குடும்பம். பி.காம். இரண்டாம் ஆண்டோடு படிப்பு நின்றிருந்தது. அதே கம்பெனியில் சரக்கு அனுப்பும் பதிவேட்டை நான் எழுதிவந்தேன். ஆகவே இங்கே தரும் தேதிகளும் எண்களும் ஞாபகத்திலிருந்து எடுத்தவை அல்ல. நான் உடனிருந்து பார்க்காதவற்றைச் சாரதாமணியிடமே கேட்டு எழுதியிருக்கிறேன்.

எங்கள் சரக்கு பெருநகரங்களுக்குப் போகவில்லை. சாத்தூர், கமுதி, மணப்பாறை, அரூர் போன்ற ஊர்களிலும் அவற்றைச் சுற்றிய கிராமங்களிலும் இருநூற்றுப் பன்னிரண்டு கடைகளுக்குப் போனது. பெட்டியின் மேல் கூட்டோடு தொங்கும் குருவியின் படம் இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்குவார்கள். ஒவ்வொரு சரக்குக் கட்டிலும் மேலாக ஒரு அச்சடித்த கடிதம் வைப்போம். அதை எழுதுவது சாரதாமணியின் வேலை.

இந்தக் கடிதம் வழக்கமான வியாபாரக் கடிதம் அல்ல. 2001 மார்ச்சில் துவைப்பில் சுருங்காதபடி துணியை முன்பே அழுத்திச் சுருக்கும் கம்பாக்டிங் இயந்திரம் பழுதாகி, பதினோரு நாள் சரக்கு அந்த வேலை சரியாக நடக்காமல் வெளியே போனது. முதலாளி ரத்தினசாமிக்குத் தெரியாமலே சாரதாமணி கடிதத்தில் இப்படி எழுதிவிட்டார்: "இந்தக் கட்டில் உள்ள பனியன் முதல் துவைப்பில் நீளத்தில் ஓர் அங்குலம் ஏறும். எண்பத்தைந்து கேட்பவருக்குத் தொண்ணூறு கொடுங்கள்." முதலாளி முதலில் கத்தினார். அடுத்த மாதம் ஒரு கட்டுகூடத் திரும்பி வரவில்லை. அதற்குப்பின் எந்தக் குறை இருந்தாலும் கடையில் துணி விரியும் முன்பே கடிதத்தில் சொல்லிவிடுவது கம்பெனியின் வழக்கமாகிவிட்டது. கீழே "சாரதாமணி" என்று மட்டும் இருக்கும். பதவி கிடையாது. கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு முதலாளியின் பெயர் தெரியாது, இவருடைய பெயர் தெரியும்.

2022 ஆகஸ்டில் ரத்தினசாமி கம்பெனியைப் பெங்களூரைச் சேர்ந்த ஒரு ஆடைக் குழுமத்துக்கு விற்றார். அவருக்கு உடல்நிலை சரியில்லை, பிள்ளைகளுக்கு இதில் விருப்பமில்லை. குழுமம் எங்கள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை ஒட்டும் என்றும், பெயர் போனால் நாமும் போவோம் என்றும் தையல் வரிசைகளில் பேச்சு ஓடியது.

நவம்பர் 14 தேதியிட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. தூக்கணாங்குருவி ஏன் குழுமத்துக்குள் தன் தனிச் சின்னத்தையும் தனிக் குரலையும் வைத்துக்கொள்கிறது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், ஒன்பது பத்தி. விற்பனைச் சின்னங்களைக் கவனிக்கும் மேலாளர் அருள்குமார் அதை நேரில் கொண்டுவந்து, தமிழாக்கித் தரும்படி சாரதாமணியிடம் கொடுத்தார். அந்தத் தமிழ்ப் பிரதி என்னிடம் இருக்கிறது.

அதன் சாரம் இது. குழுமத்தின் சொந்தச் சின்னம் பெருநகர அங்காடிகளில் கூடிய விலைக்குப் போகிறது. அதையும் குருவியையும் ஒரே பெயரில் சேர்த்தால், அங்கே வாங்குபவர் விலை ஏன் இவ்வளவு என்று கேட்பார், இங்கே வாங்குபவர் விலை ஏறிவிட்டதென்று பயப்படுவார். சிற்றூர்களில் மக்கள் படத்தைச் சொல்லியே கேட்கிறார்கள். ஆகவே பெட்டியின் முகப்பிலும் கழுத்து லேபிளிலும் குருவி மட்டுமே இருக்கும். குழுமத்தின் பெயர் பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் வரும். ஒன்றில் குறை நேர்ந்தால் அது மற்றொன்றைத் தொடாமலிருக்கவும் இந்தப் பிரிவு உதவும். குழுமம் "நாங்கள்" என்று பேசும், குருவி "நான்" என்று பேசும். கடைக்காரரிடம் குறையை ஒளிக்காமல் சொல்லும் அந்தக் குரலே குருவியின் பெரிய சொத்து. கடிதத்தின் தொனியும் அதன் கீழே வரும் பெயரும் மாறாமல் தொடரும்.

ஒன்பது பத்தியிலும் தொழிலாளர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தமிழாக்கியவரும் அதைக் கவனிக்கவில்லை, படித்த நானும் கவனிக்கவில்லை.

நவம்பர் 17 மதியம் சாப்பாட்டு நேரத்தில் அறிவிப்புப் பலகை முன்பு சாரதாமணி குறிப்பை உரக்கப் படித்தார். முடித்ததும் பேக்கிங் பிரிவு விஜயராணி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள், கேட்டாள்: "ஏக்கா, ஒங்க பேரு மாறாம இருக்குமாம்லா? அப்ப நீங்களும் சின்னம் ஆயிட்டிய. இனி ஒங்களையும் டப்பாவுல ஒட்டிர வேண்டியதுதான்."

கூட்டம் சிரித்தது. சாரதாமணியும் சிரித்தார். "ஒட்டட்டும் கண்ணு. பசை நல்லா இருந்தாச் சரி."

அன்று மாலை சாரதாமணி அருள்குமாரிடம் ஒன்று கேட்டார். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன்.

"ஏனுங்க சார், பேரு இருக்கும்னு போட்டிருக்கீங்க. அப்ப நானும் இருப்பேன்தானுங்களே?"

"பேர்ல எந்த மாற்றமும் இல்ல மேடம்," என்றார் அவர். பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அவ்வளவுதான்.

அந்த வாரம் பல்லடம் சாலையில் புதிதாகத் திறந்த யூனிட் ஒன்று எங்கள் தையல்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. போகலாமா என்று பதினெட்டுப் பேர் சாரதாமணியிடம் வந்து கேட்டார்கள். "குறிப்பே வந்திருச்சுங்க. எதுக்குங்க பயந்துட்டு?" என்று அவர் சொல்ல, ஒருவரும் போகவில்லை.

2023 மார்ச் 6 அன்று அருள்குமார் இரண்டு காரியங்களுக்காக வந்தார். பழைய கடிதங்களின் கோப்புகள் முழுவதும் வேண்டும் என்றார், குருவியின் குரலில் எழுதுவதற்கு ஒரு வழிகாட்டி தயாரிக்கப் போவதாகச் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டுக் கோப்புகளைச் சாரதாமணி தூசி தட்டி, ஆண்டுவாரியாகக் கட்டிக் கொடுத்தார். பிறகு அருள்குமார் ஒரு காகிதத்தை நீட்டினார். கடிதத்தின் கீழ் வரும் "சாரதாமணி" என்ற பெயரைக் கம்பெனி தொடர்ந்து பயன்படுத்துவதில் தனக்கு மறுப்பில்லை என்று அதில் இருந்தது. வேலை நிலைப்பதற்கான காகிதம் என்று எண்ணி அவர் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 20 அன்று கூடத்தில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்கள். இனித் தைப்பது வெளி யூனிட்டுகளில் நடக்கும், கடிதங்கள் பெங்களூரில் தயாராகும், 31ஆம் தேதியோடு இந்தக் கட்டடம் மூடப்படும். சட்டப்படி கொடுக்க வேண்டியதில் குறை வைக்கவில்லை. அன்று யாரும் சாரதாமணியைத் திட்டவில்லை. பதினெட்டுப் பேரும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் கேட்டைத் தாண்டிப் போனார்கள். பல்லடம் யூனிட்டில் அதற்குள் ஆள் நிரம்பியிருந்தது.

சாரதாமணி ஏப்ரலில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார். தைத்த துணியில் ஓட்டை, கறை, விட்ட தையல் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. நாள் முழுவதும் நின்றே செய்ய வேண்டும். அதைப் பற்றி அவர் என்னிடம் குறைபட்டதில்லை.

நவம்பர் 27, தீபாவளி முடிந்து பதினைந்தாம் நாள், மாலை ஆறே முக்காலுக்கு சாரதாமணி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு சாக்கு மூட்டையோடு ஒரு முதியவர் நின்றிருந்தார். சாத்தூர்ப் பக்கத்துக் கடைக்காரர் ராக்கையா. இருபது ஆண்டுகளாகக் கடிதம் போன ஆள், முகம் பார்த்தது அன்றுதான். பழைய கம்பெனியின் வாட்ச்மேனிடம் விலாசம் கேட்டு வந்திருந்தார்.

"நீங்கதான் சாரதாமணியா?"

"ஆமாங்க. நீங்க யாருங்க? ஊட்டுக்குள்ள வாங்க."

"உள்ள வரல தாயி. இதப் பாருங்க." மூட்டையைக் கவிழ்த்தார். துவைத்த பனியன்கள். தொண்ணூறு என்று லேபிள் போட்டவை, பத்து வயதுப் பையனுக்குத்தான் சேரும். "தீப்பெட்டி ஆபீசுல ஆளுகளுக்குத் தீவாளிக்குக் கொடுக்க முன்னூறு எடுத்தாக. ஒரு தண்ணிதான் பட்டுச்சு. தொப்புளுக்கு மேல போயிருச்சு. எங்கடைக்கு முன்னால கொண்டாந்து கொட்டிட்டுப் போயிட்டாக. ஏமாத்துக்காரப் பயன்னு எம்பேரன் காதுபடச் சொல்றாக."

"நான் அங்க இல்லீங்க. மார்ச்சுலயே..."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். குருவிச் சின்னம். கீழே வாசகம்: "குறை இருந்தால் நானே முதலில் சொல்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தீபாவளிச் சரக்கில் குறை ஒன்றும் இல்லை. கேட்கும் அளவையே தைரியமாகக் கொடுங்கள். சாரதாமணி."

சாரதாமணி அதை இருமுறை படித்தார். வாக்கியம் முடிக்கும் விதம்கூடத் தன்னுடையதாகவே இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். ஒரு கணம் தானே எப்போதோ எழுதினோமோ என்று சந்தேகம் வந்ததாம்.

"இத நான் எழுதலீங்க."

"பேரு போட்ருக்கே தாயி."

"பேரு மட்டுந்தானுங்க என்னுது."

ராக்கையா நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனால் போகும் முன் ஒன்று கேட்டார்: "வேலைய விட்டுப் போறப்ப ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? எட்டு மாசமா நீங்கன்னுல்ல படிச்சுக்கிட்டு இருந்தோம்."

மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாளிலிருந்து பன்னிரண்டு நாள் சாரதாமணி வேலைக்குப் போகும் முன் அஞ்சலட்டைகள் எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டு விலாசங்களில் சந்தேகமில்லாமல் நினைவில் இருந்தவை எழுபத்தொன்று. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "மார்ச் 31க்குப் பிறகு வந்த கடிதங்கள் நான் எழுதியவை அல்ல. சரக்கைத் துவைத்துப் பார்த்த பிறகு விற்கவும்." டிசம்பர் 9 அன்று கடைசி அட்டை தபாலில் விழுந்தது.

நான்கு பேர் பதில் போட்டார்கள். அதில் மூன்று பேர், நீங்கள் யார் என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் அறிந்த சாரதாமணி அச்சில் வருபவர், தலைமேல் குருவி இருக்கும். வெள்ளை அட்டையில் பேனாவால் எழுதும் பெண்ணை அவர்களுக்குத் தெரியாது. மணப்பாறைக் கடைக்காரர் ஒருவர், யாரோ உங்கள் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று நல்லெண்ணத்தோடு அந்த அட்டையைப் பெங்களூருக்கே அனுப்பிவிட்டார்.

டிசம்பர் இறுதியில் வழக்கறிஞர் ஒருவரிடம் நானும் உடன் போனேன். அவர் மார்ச் 6ஆம் தேதிக் காகிதத்தின் நகலைப் படித்தார். "வேலையில் இருந்தபோது எழுதிய கடிதங்கள் கம்பெனிக்குச் சொந்தம். பெயருக்கு நீங்களே சம்மதம் கொடுத்திருக்கீங்க. வழக்குப் போடலாம். ஆனா வருசக்கணக்கா ஆகும், ஜெயிப்போம்னு என்னால சொல்ல முடியாது," என்றார். சாரதாமணி காகிதத்தை மடித்து வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 18 அன்று ராக்கையா சாரதாமணிக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். புதிய கட்டு வந்திருக்கிறது, அதில் உள்ளதைப் படிக்கிறேன் என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அன்புள்ள கடைக்காரருக்கு. என் பெயரில் யாரோ கையால் கடிதம் எழுதி உங்களைக் குழப்புகிறார்கள் என்று கேட்டு வருந்தினேன். நம் குருவிச் சின்னம் இல்லாத கடிதம் எதுவும் நான் எழுதியது அல்ல. அப்படி வந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். சாரதாமணி."

"நீங்க போட்ட அட்டைய நான் கிழிக்கல தாயி," என்றார் ராக்கையா. "ஆனா இந்த ஊர்ல குருவி ஒண்ணத்தான் கேக்குறாக. சரக்கு எடுக்கத்தான் செய்யணும்."

"எடுங்க," என்றார் சாரதாமணி. "ஒரு உருப்படிய மொதல்ல தொவைச்சுப் பாத்துக்குங்க."