கட்டைவிரலுக்குக் கீழே பத்து மில்லி

வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வைத்தது கணவர். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் கத்தரிக்கோல் எடுக்கமாட்டாள். மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைக் கண்ணாடி மாட்டிப் படிப்பாள். காய்கறிக்காரர் "இன்னைக்கு வந்ததும்மா" என்றால், "காலையிலயா, மத்தியானமா?" என்று கேட்பாள். அவர் இப்போதெல்லாம் அவளைக் கண்டதும் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற தண்ணீரில்தான் வில்லங்கம் இருக்கும் என்று அங்கே கற்றுக்கொண்டாள். மகள் பிறந்ததும் வேலை நின்றது, கற்றுக்கொண்டது நிற்கவில்லை. தண்ணீரை விட்டுவிட்டு மனுஷர்களைச் சோதிக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

மகள் விடுதிக்குப் போனபின் சாப்பாட்டு மேசையில் ஒரு மூலை காலியாயிற்று. அங்கே உட்கார்ந்துதான் இப்போது வேலை. மாணவர்கள் பாடப்புத்தகக் கணக்கைப் படம் பிடித்துச் செயலியில் போடுவார்கள். இவள் விடை எழுதி அனுப்ப வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல். இன்னும் தகுதிகாண் காலம்தான். மாதம் முடியும்வரை தப்பான விடை என்று புகார் எதுவும் நிலைக்கக்கூடாது. நிலைத்தால் நிரந்தரம் கிடையாது. இருபது வருஷம் கழித்துக் கிடைத்த வேலை. வெளியே அலட்சியமாகப் பேசினாலும், தினமும் குளித்துத் தலைவாரிக்கொண்டுதான் அந்த மூலையில் உட்காருவாள். கேமரா கிடையாது என்று கணவர் ஞாபகப்படுத்திப் பார்த்துவிட்டார். பயனில்லை.

அன்றைக்கு வந்தது பஃபர் கணக்கு, அதாவது அமிலம் விட்டாலும் பி.எச். அதிகம் மாறாமல் தாங்கிக்கொள்கிற கரைசல் பற்றியது. அரை லிட்டர் கரைசல். அதில் அசிட்டிக் அமிலம் 0.10 மோலார், சோடியம் அசிட்டேட்டும் 0.10 மோலார். அமிலத்தின் பி.கே.ஏ. 4.74. முதலில் கரைசலின் பி.எச். என்ன? அதில் சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1.0 மோலார், சேர்த்தால் பி.எச். என்ன ஆகும்?

எவ்வளவு சேர்த்தார்கள் என்ற இடத்தில்தான் மாணவியின் கட்டைவிரல். நீல நகப்பூச்சு. விரலுக்கு இந்தப் பக்கம் "10" தெரிந்தது, அந்தப் பக்கம் "மி.லி." தெரிந்தது. நடுவில் இன்னொரு எண் தாராளமாக உட்காருகிற அளவுக்கு விரல்.

படம் சரியில்லை என்றால் வேறு படம் கேட்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. இவள் அதை ஒருநாளும் தொட்டதில்லை. எங்களுக்குத் தெரியாததா! விரலுக்கு அடியில் இருப்பது பூஜ்யம் என்று முடிவு கட்டினாள்: நூறு மில்லி. "படம் முழுமையாகத் தெரிகிறது" என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

முதல் பாதி எளிது. அமிலமும் அதன் உப்பான அசிட்டேட்டும் சமம், ஒன்றுக்கு மடக்கை பூஜ்யம், பி.எச். 4.74. இரண்டாம் பாதியில் அவளுக்கு உள்ளே மணி அடித்தது. நூறு மில்லி என்றால் 0.10 மோல் அமிலம். கரைசலில் இருக்கிற அசிட்டேட்டோ 0.05 மோல்தான். வந்த அமிலம் அசிட்டேட் முழுவதையும் தின்றுவிட்டு, இன்னும் 0.05 மோல் மிச்சம் வைத்திருக்கிறது! மொத்தம் அறுநூறு மில்லியில் அது 0.083 மோலார். பி.எச். 1.08.

"பாருங்க, சூத்திரத்துல அப்படியே போட்டுடுவாங்கன்னு பசங்களுக்கு வலை விரிச்சிருக்கான். என்கிட்டயா!"

"யாரு விரிச்சது?" என்றார் கணவர், கீரை ஆய்ந்துகொண்டே.

"கேள்வி எழுதினவன்."

"பாவம், அவன் எங்க இருக்கானோ, நிம்மதியாத் தூங்கிட்டிருப்பான்."

விடையின் கீழே ஒரு பத்தி வேறு எழுதினாள். பஃபர் என்பது சாதுவான மனிதர் மாதிரி, ஓரளவுக்குத்தான் தாங்கும், இந்தக் கணக்கில் எல்லை தாண்டிவிட்டது, கேள்வியைக் கவனமாகப் படிக்கவும். 'கவனமாக' என்பதற்கு அடிக்கோடு.

கொஞ்ச நேரத்தில் மாணவியிடமிருந்து செய்தி: "மேம், புக்ல பின்னாடி 4.56ன்னு போட்டிருக்கு."

"அச்சுப்பிழை" என்று அனுப்பினாள்.

"எங்க மிஸ்ஸும் 4.56ன்னுதான் சொன்னாங்க மேம்."

"மிஸ் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாங்க."

அடுத்த செய்தி: "கேள்வியிலயே 'சிறிதளவு'ன்னு இருக்கே மேம். அரை லிட்டர்ல நூறு மில்லி சிறிதளவா? புகார் போடலாமா, இல்ல நீங்களே இன்னொரு தடவை பாக்கறீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டிருந்தது அந்தப் பெண். அதனால்தான் இன்னும் சுருக்கென்றது.

பிழை புத்தகத்தில்தான் என்று காட்டுவதற்காகவே 4.56இலிருந்து பின்னோக்கி வந்தாள். 4.74க்கும் இதற்கும் 0.18 வித்தியாசம். அப்படியானால் உப்புக்கும் அமிலத்துக்கும் விகிதம் மூன்றில் இரண்டு. இரண்டும் சேர்ந்து 0.10 மோல், ஆக உப்பு 0.04, அமிலம் 0.06. உப்பில் குறைந்தது 0.01 மோல். ஒரு மோலார் அமிலத்தில் 0.01 மோல் என்றால் பத்து மில்லி.

பத்து. விரலுக்கு இந்தப் பக்கம் பளிச்சென்று தெரிந்த அதே பத்து. படத்தைப் பெரிதாக்கினாள். அப்படியென்றால் விரலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை, வெறும் காகிதம்.

"என்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"இல்லாத பூஜ்யத்தைக் கண்டுபிடிச்சிருக்கேங்க."

விஷயத்தைக் கேட்ட கணவர் கீரைக்கட்டை வைத்துவிட்டு வந்தார். "விரல் உன்னோடதா? இல்லேல்ல. படம் சரியில்லைன்னு எழுதிப் போடு. வேலை தப்பிச்சிடும்."

"முழுசாத் தெரியுதுன்னு டிக் அடிச்சிருக்கேனே."

"எதுக்கு அடிச்சே?"

பால் பாக்கெட்டை நம்பாதவள், கடைக்காரரை நம்பாதவள், அச்சடித்த புத்தகத்தையே நம்பாதவள், தன் ஊகத்தை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே விட்டிருக்கிறாள். சோதனைச்சாவடியில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரே கடத்தி வந்த சரக்கு.

"என் விடை தவறு" என்ற பொத்தானை அழுத்தினாள். திருத்தி எழுதினாள்: முன்னால் 4.74, பின்னால் 4.56. இதே பத்து மில்லியை அரை லிட்டர் வெறும் தண்ணீரில் விட்டிருந்தால் பி.எச். ஏழிலிருந்து 1.7க்கு விழுந்திருக்கும், பஃபரில் 0.18தான் இறங்கியது. சாதுவான மனிதர் பத்தியை அழித்தாள். அவர் தாங்கித்தான் இருக்கிறார். இவள்தான் அவசரப்பட்டு அவருக்கு இரங்கல் எழுதிவிட்டாள்.

மாணவி ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினாள். மறுநாள் மேற்பார்வையாளர் போன் செய்தார். குரலைக் கேட்டால் மகள் வயதுதான் இருக்கும்.

"கணக்குல தப்பில்ல மேம். நூறு மில்லின்னா உங்க விடை சரி. நூறுன்னு யாரு சொன்னா?"

"நான்தான்."

"நீங்களே தப்புன்னு சொன்னதால வேலையிலேர்ந்து எடுக்கல. ஆனா நிரந்தரம் இப்ப இல்ல. கொஞ்ச நாள் எட்டாம் வகுப்பு அறிவியல் பாருங்க. ஓகேவா?"

"ஓகே" என்றாள். மோலார் எல்லாம் பார்த்தவள், எட்டாம் வகுப்பு.

"டபுள் ப்ரமோஷன் கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் கணவர். "இது அதுக்கு நேர் எதிரா இருக்கே."

"பேசாம இருங்க. கேள்வி வருது."

முதல் கேள்வி கையெழுத்தில், விரல் எதுவும் இல்லாமல் வந்தது: எலுமிச்சைச் சாற்றில் லிட்மஸ் தாளை நனைத்தால் என்ன நிறமாகும்? நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்த லிட்மஸ் என்று சொல்லவே இல்லையே! இனிமேல் ஊகம் கிடையாது. "நீல லிட்மஸா, சிவப்பு லிட்மஸா? தெளிவாகக் குறிப்பிடவும்" என்று அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. "எதுவா இருந்தா என்ன ஆன்ட்டி, கடைசில சிவப்புதானே?"

கணவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்த போன் இன்னொரு தடவை அதிர்ந்தது. அந்தக் குழந்தை கேள்விக்குறியை மட்டும் தனியாக அனுப்பியிருந்தது.