ஏழாவது டீச்சர்

பதினோரு வருஷம் அவள் இன்னொருவர் நடத்திய மழலையர் பள்ளியில் வேலை பார்த்தாள். இரண்டு வயசு வாண்டுகள் ஒன்பது பேருக்கு அவள் ஒருத்தி. ஒரு குழந்தைக்கு டயபர் மாற்றக் குனிந்தால் மற்ற எட்டையும் பார்க்க ஆள் கிடையாது. ஒரு மதியம் வாசல் காவலாளி சாப்பிடப் போன பத்து நிமிஷத்தில் ஒரு குழந்தை தெருவுக்கே போய்விட்டது. எதிர்க் கடைக்காரர் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்குத்தான் ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

முப்பத்தொன்பதாவது வயசில் வேலையை விட்டாள். சொந்தமாக ஒன்று தொடங்க, தனி வீடு ஒன்றை வாடகைக்குப் பேசினாள். திட்டத்தை நாலு பக்கம் எழுதி, வங்கியில் வேலை பார்க்கும் நாத்தனாரிடம் நீட்டினாள்.

நாத்தனார் பென்சிலோடு உட்கார்ந்தாள். இரண்டு வயசுக்குக் கீழே எட்டுக் குழந்தைகள், நாலு பேருக்கு ஒரு டீச்சர். இரண்டிலிருந்து மூன்று வரை பன்னிரண்டு, ஆறு பேருக்கு ஒருத்தர். அதற்கு மேல் இருபது, பத்துப் பேருக்கு ஒருத்தர்.

"ஆறு டீச்சர் போதுமே அண்ணி. இந்த ஏழாவது ஆள் எதுக்கு? இவங்களுக்குன்னு அறையே இல்லையே?"

"அந்த ஆறு பேரும் சாப்பிட வேண்டாமா? ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தா? அந்த நேரம் உள்ளே போய் நிக்கத்தான் இவங்க."

"இவங்க சம்பளம் யார் தலையில?"

அங்கேதான் இழுபறி. எல்லா வயசுக்கும் ஒரே கட்டணம் என்று அவள் எழுதியிருந்தாள். சின்னக் குழந்தைக்கு ஆள் அதிகம் தேவை, செலவும் அங்கேதான் என்று நாத்தனார் புரியவைத்தாள். கட்டணத்தை வயசுவாரியாகப் பிரித்தார்கள். பன்னிரண்டரை வரைக்கும் ஒன்று, மாலை ஆறு வரைக்கும் ஒன்று. குழந்தை நாலு நாள் வராவிட்டாலும் மாசக் கட்டணம் குறையாது. டீச்சருக்குச் சம்பளம் குறையாதே. ஆறேகாலுக்கு மேல் குழந்தையைக் கூட்டிப்போக வந்தால் கூடுதல் கட்டணம்.

"முதல் மாசமே நாப்பது பேர் வந்துடுவாங்கன்னு எழுதியிருக்கீங்களே, உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்," என்று சிரித்தாள் நாத்தனார். இருபத்தாறு பேர் சேர்ந்தாலே கையைக் கடிக்காது என்று கணக்கு வந்தது. ஏழாவது டீச்சர் பிழைத்தாள்.

பள்ளிகள் திறக்க நாலு மாசம் இருக்கும்போதே பெற்றோர் தேட ஆரம்பிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அப்போதே வீட்டைத் திறந்து காட்டினாள். பத்தொன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். உரிமம் கைக்கு வரும்வரை யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

அது நல்லதாகப் போயிற்று. தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தூங்கச் சத்தமில்லாத இடம் என்று அவள் கைக்குழந்தைகளுக்கு மாடி அறையை ஒதுக்கியிருந்தாள்.

"நடக்கத் தெரியாத எட்டுக் குழந்தைங்கம்மா. புகை வந்தா ரெண்டு பேர் எப்படிப் படியில தூக்கிட்டு இறங்குவீங்க?"

அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தனக்குத் தெரியாததா இது? கீழே தனக்கென்று வைத்திருந்த அலுவலக அறையைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, மேசையை நடைக்கு மாற்றிக்கொண்டாள். பின்கதவு உள்பக்கம் திறந்தது, தாழ்ப்பாள் வேறு. எலெக்ட்ரீஷியனான கணவர் ஒரு தச்சரைக் கூட்டிவந்து, தள்ளினால் வெளியே திறக்கும்படி மாற்றி, மேலே அவசர விளக்கும் பொருத்தினார். மறுபடி பார்வையிட்டுச் சான்றும் உரிமமும் வருவதற்குள் மற்ற பள்ளிகள் திறந்து மூன்று வாரம் ஓடிவிட்டது.

திறப்பது தள்ளிப்போகிறது என்று பத்தொன்பது வீட்டுக்கும் அவளே போன் பண்ணினாள். காரணத்தை மறைக்கவில்லை. மூன்று பேர் வேறு இடம் போனார்கள். பதினாறு பேர் காத்திருந்தார்கள்.

"இப்பவாவது அந்த ஏழாவது ஆளை விட்டுடலாமா?" என்றாள் நாத்தனார்.

"கைக்குழந்தை அறையை ரெண்டு மாசம் கழிச்சுத் திறக்கிறேன். இவங்களை விடமாட்டேன்."

வருஷம் தொடங்கிய பிறகு எல்லாரையும் ஒரே நாளில் சேர்க்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு நாளைக்கு நாலு குழந்தை, முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ ஒரு மணி நேரம் கூடவே உட்காரலாம் என்று வைத்தாள். அழுத குழந்தைகளைத் தூக்கிக்கொள்ள ஏழாவது டீச்சரின் கை இருந்தது. இரண்டாவது வாரக் கடைசியில் அழுகைச் சத்தமே இல்லை. ஒரு அப்பா மட்டும் கிளம்ப மனசில்லாமல் குட்டி நாற்காலியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் சமாதானம் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

தாமதத்தால் வந்த இந்த ஏற்பாடே அடுத்த வருஷம் விதியாயிற்று. பதினாறு இருபத்தெட்டாகி, பிறகு முப்பத்தேழாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வயிற்றைத் தடவியபடி வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, கைக்குழந்தை அறையில ஒரு இடம்..."

"காத்திருப்போர் வரிசையில நீ மூணாவது."

"சொந்தக்காரிக்குமா?"

"யாருக்கும் சலுகை கிடையாதுன்னு கணக்குப் போட்டுக் கொடுத்தவளே நீதானே!"

இருவரும் சிரித்தார்கள். வரிசை நகர்ந்து இடம் கிடைத்தபோது அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாசம். முதல் நாள் நாத்தனார்தான் அழுதாள். குழந்தை பால் குடித்துவிட்டு மதியம் வரை தூங்கியது.