அக்காவுக்குத் தொண்டையில், தம்பிக்கு நெஞ்சில்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். மகளுக்கு இரண்டரை வயது, மகனுக்கு நான்கு மாதம். நான் பள்ளிக்கூட வேலைக்கு மகப்பேறு விடுப்பு போட்டுவிட்டுத் தச்சநல்லூர் வாடகை வீட்டின் மாடியில் இருந்தேன். கணவர் பக்கத்திலேயே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார்.

மகளுக்கு முதலில் சாதாரண ஜலதோஷம்தான். மூக்கு ஒழுகியது, லேசாக உடம்பு சுட்டது. ஒரு சாயங்காலம் தூங்கி எழுந்தவள் இருமினாள். அது இருமல் மாதிரியே இல்லை, நாய்க்குட்டி குரைப்பது போலிருந்தது. பயந்து அழுதாள். அழுதபடி மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. கீழ் வீட்டு அக்கா அந்தச் சத்தம் கேட்டே படியேறி வந்துவிட்டார். மேலப்பாளையத்தில் பிறந்து தச்சநல்லூருக்கு வாழ வந்தவர் அவர்.

"சின்னவன என்ட்ட தா. நீங்க ரெண்டு பேரும் இவளத் தூக்கிட்டுக் கிளம்புங்க" என்றார்.

எங்கள் குழந்தை மருத்துவர் ஒரு பெண். சத்தத்தைக் கேட்டதும் மகளை என் மடியை விட்டு எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாயைத் திறக்கச் சொல்லவும் இல்லை.

"அழுதா மூச்சு இன்னும் இறுகும்மா. உங்க மடியிலயே இருக்கட்டும். குரல்வளைக்கிட்ட வீங்கியிருக்கு, அதான் இந்தச் சத்தம்."

ஒரே ஒரு வேளை மருந்து. அவரே அளந்து, கதை சொல்லிக்கொண்டே குடிக்க வைத்தார். உடனே வீட்டுக்கு விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லி, மற்ற குழந்தைகளைப் பார்ப்பதற்கு நடுவே வந்து வந்து பார்த்தார். கடைசியில் மகள் என் தோளில் சாய்ந்து வளையலைத் திருகி விளையாட ஆரம்பித்தாள். மூச்சு இழுக்கும் சத்தம் நின்றிருந்தது, இருமல் மட்டும் இருந்தது.

"சும்மா உக்காந்திருக்கும்போதே அந்தச் சத்தம் திரும்ப வந்தாலோ, எச்சி முழுங்க முடியாம வடிச்சாலோ, உதடு நீலமா தெரிஞ்சாலோ உடனே தூக்கிட்டு வந்துருங்க" என்று சொல்லி அனுப்பினார். அப்படி எதுவும் ஆகவில்லை. நாலைந்து நாளில் அவள் கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் மகனுக்கு மூக்கு அடைத்தது. பிறகு இருமல். பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனை முனகுவது மாதிரி ஓர் இரைச்சல். மறுபடி அதே மருத்துவரிடம் போனோம். நான் உள்ளே நுழையும்போதே கேட்டேன், "பெரியவளுக்குக் குடுத்த மருந்தையே இவனுக்கும் குடுத்துருங்க டாக்டர், ஒரு வேளையிலேயே சரியாயிட்டுல்லா."

அவர் மகனின் சட்டையை உயர்த்தி, கையால் தொடாமல் வெகுநேரம் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

"கிருமி ஒண்ணாவே இருக்கலாம். ஆனா அவளுக்குத் தொண்டையில உக்காந்தது, இவனுக்கு நெஞ்சுக்குள்ள இருக்க சின்னச் சின்னக் குழாய்ல உக்காந்திருக்கு. அந்த மருந்து இவனுக்குக் கேக்காது. ஆன்டிபயாடிக்கும் வேண்டாம்."

"அப்பம் என்னதான் குடுக்கது?" என்றார் கணவர்.

"உப்புத்தண்ணி சொட்டு. பால் குடுக்க முந்தி மூக்குல விடுங்க. பால கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. மத்தபடி பாத்துக்கிடணும். இன்னும் ரெண்டு மூணு நாளைக்குக் கூடத்தான் செய்யும், அதுக்கப்புறம் இறங்கும்."

கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. இவ்வளவு இரைக்கும் பிள்ளையை வெறும் சொட்டு மருந்தோடு அனுப்புகிறாரே என்று எனக்கும் தோன்றியது. மருத்துவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, அவன் நெஞ்சைச் சுட்டிக் காட்டினார்.

"சத்தத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. சத்தம் கூடும், குறையும். சட்டையத் தூக்கிட்டு இங்கன பாருங்க. விலா எலும்புக்குக் கீழ குழி விழுதான்னு பாருங்க. மூக்கு விரியுதா, பால் எப்பவும் குடிக்கதுல பாதியாவது குடிக்கானா, ஒண்ணுக்குப் போறானா. களைச்சுப் போன பிள்ளையும் சத்தமில்லாமத்தான் கிடக்கும்."

வீட்டில் அதையே வேலையாக வைத்துக்கொண்டோம். கீழ் வீட்டு அக்கா நெஞ்சில் தைலம் தடவலாமா என்று கேட்டார். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அப்பம் வேண்டாம்" என்று தைலத்தை எடுத்துப் போனவர், எங்களுக்குக் கஞ்சியோடு திரும்பி வந்தார். தான் இருமினால் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றுகொள்வார்.

முதல் இரண்டு நாள் இரைச்சல் கூடியது. ஆனாலும் மகன் பால் குடித்தான், இடையிடையே சிரிக்கவும் செய்தான். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்த கணவர் தொட்டில் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் கொறஞ்சிட்டு பாத்தியா. இனி இறங்கிரும்."

எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசையாக இருந்தது. பாலுக்கு எடுத்தேன். இரண்டு இழுப்பு இழுத்தான், விட்டுவிட்டான். மறுபடி வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டான். காலையில் கட்டிய துணி அப்படியே காய்ந்து கிடந்தது. சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

"என்னங்க, இங்கன பாருங்க. அவங்க சொன்னது இதுதான்."

அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். மகளை அக்கா வாங்கிக்கொண்டார். மருத்துவருக்கு போன் செய்தபோது, கிளினிக்குக்கு வராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஆட்டோ ஆற்றுப்பாலம் தாண்டும்போது தாமிரபரணி கலங்கலாக இரு கரையும் தொட்டு ஓடியது. நான் அவன் நெஞ்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அங்கே கால் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி அளவைப் பார்த்ததுமே ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள். மூக்கில் இரண்டு சின்னக் குழாய். பால் இறங்க வாய் வழியாக இன்னொரு மெல்லிய குழாய். அதைப் பார்த்து நான் உடைந்துபோனேன். வார்டு நர்ஸ் ஒரு கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"அழாதீங்க. மூச்சுக்கே அவன் தெம்பெல்லாம் போகுது, அதான் குடிக்க முடியல. நீங்க பால எடுத்துத் தாங்க, நாங்க குழாய் வழியா பையப் பைய உள்ள விடுதோம். நீங்க சாப்பிட்டீங்களா?"

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு இன்னும் அழுகை வந்தது. அந்த வார்டில் யாரும் என்னை விரட்டவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் அந்த நர்ஸ் தலைமாட்டு மானிட்டர் திரையைப் பார்த்துச் சொல்லுவார், "நல்லாத்தான் இருக்கான், பாருங்க." வேறு பெரிய மருந்து எதுவும் கொடுத்ததாக நினைவில்லை. அவனாகத் தேறும் வரைக்கும் மூச்சுக்கும் பாலுக்கும் கை கொடுத்தார்கள்.

ஒரு காலையில் ஆக்ஸிஜனைக் குறைத்துப் பார்த்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். வாய்க் குழாயையும் எடுத்த பிறகு, நர்ஸ் அவனை என் மடியில் வைத்தார். தேடினான், பிடித்துக்கொண்டான். விடாமல் குடித்தான். கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் இருமல் சில வாரம் இழுத்தது, இழுக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மருத்துவரைப் பார்க்கப் போனபோது கணவர்தான் பேச்சை எடுத்தார்.

"அன்னைக்கு நீங்க ஒண்ணுமே குடுக்கலேன்னு மனசுக்குள்ள கோவமா இருந்தேன் டாக்டர்."

"தெரியும்" என்று சிரித்தார் அவர். "எல்லாருக்கும் வரும். பாத்துக்கிட்டது நீங்கதானே."

எதைப் பார்க்கவேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியவர் அவர்தான். நான் கைகூப்பினேன். அதற்குள் மகன் அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோயிருந்தான். அவர் அவசரப்படாமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை வாங்கிக்கொண்டிருந்தார்.