இங்கிலீஷைத் தள்ளக் கூடாதாம்

அப்புறம் என்னாச்சு கேளு, எதிர்வீட்டுக்காரி உன்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்வேன்? காமர்ஸ் சீட்டுக்கு நூத்துக்கு எழுபத்தஞ்சு வேணுமாம். என் பேத்தி பத்தாவதுல ஆறு பேப்பர்லயும் சேத்து நானூத்தி நாப்பத்தேழு. ஆறால வகுத்தா எழுபத்தி நாலரைதான். அரை மார்க் கொறையுதேன்னு காலேஜ் ஆபீஸ்லயே அழுவுறா. நான் கைநாட்டு, எனக்கென்ன தெரியும்? பூ கட்டுனா வாடுனதைத் தள்ளிட்டுதான் கட்டுவேன், அதையே கேட்டேன், "சார், மட்டமானதைத் தள்ளக் கூடாதா?"

அங்க இருந்த கன்னடக்கார கிளார்க், பாட்டின்னு அவங்க பாஷையில கூப்பிட்டு, சிரிச்சுட்டாரு. "அஜ்ஜி, நாங்களும் அப்படித்தான். அஞ்சு பேப்பர்தான் கணக்கு."

பேத்தி ஒடனே இங்கிலீஷை அடிச்சுட்டா, அதான் இருக்குறதுலயே கம்மி, அம்பத்தெட்டு.

"அதைத் தள்ளக் கூடாதும்மா. இங்கிலீஷ் கட்டாயம். மீதி அஞ்சுல ஒசந்த நாலு."

இவ மொகம் சுண்டிப்போச்சு. அவரே மீதியில கம்மியான கணக்குப் பேப்பரை, அறுபத்தொண்ணை, அடிச்சாரு. ஐநூறுக்கு முன்னூத்தி எண்பத்தாறு, எழுபத்தேழுக்கும் மேல! சீட் ஆச்சுடி. கணக்குல கணக்கு போச்சுன்னு கேலி பண்ணிட்டே வந்தோம். ஸ்வீட் எடுத்துக்கோ, இரு இரு, கொழாயில தண்ணி வந்துடுச்சு, கொடத்தை வெக்கணும்.