கட்டுக்குக் கீழே அய்யாவின் நெற்றி

எங்கள் அய்யாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். கல்யாணத்துக்குப் படம் எடுக்க வசதியில்லை. மிளகாய் மூட்டை ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து, நெற்றியைச் சுற்றிப் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தபோது, ஊருக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் எடுத்தது. மடியில் கைக்குழந்தையாக நான். காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்த வருஷ மழைக்காலத்திலேயே அய்யா பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தார்.

அம்மா அந்தப் படத்தைப் பெட்டியை விட்டு வெளியே எடுத்ததில்லை. "காயத்தோடயா அவுகளச் சுவத்துல மாட்டச் சொல்ற?" என்பாள். எனக்கோ அய்யாவின் முழு முகத்தையும் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். பெற்ற தகப்பன் நெற்றி எப்படி இருக்கும் என்று தெரியாமல் என்ன பிழைப்பு இது?

புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதற்கு முன்னால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரத் தம்பி படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கட்டின் நுனி தொங்கி இடது காலரை மறைத்திருந்தது. வலது காலரைத் திருப்பிப் போட்டு, சட்டைக் கோடுகளை நீட்டிச் சேர்த்து, அதைச் சீக்கிரமே முடித்துவிட்டார். நெற்றிக்குக் கன்னத்துத் தோலை எடுத்துப் பரப்பினார். சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதுவா தம்பி எங்கய்யா? யாரோ மாதிரியில்ல இருக்கு."

"கட்டுக்குக் கீழ உள்ளது படத்துலயே இல்லையேக்கா. நான் எங்கிட்டுப் போயி எடுக்க?"

அம்மா என்னைக் காட்டினாள். "இந்தா இருக்குல்ல. இவ நெத்தி அப்படியே அவுக நெத்தி. கோவம் வந்தா நடுவுல நரம்பு பொடைக்கும் பாருங்க, அதுகூட."

அய்யா படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்திருந்தது. அதேபோல ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, முடியை மேலே வாரச் சொல்லி, தலையை அய்யா மாதிரியே சாய்க்கச் சொன்னார் தம்பி. அதற்குள் நரம்பு அமுங்கிவிட்டது.

"கொஞ்சம் கோவப்படுங்கக்கா."

"கேட்டா வருமா?"

"கேக்காட்டித்தேன் வரும்" என்றாள் அம்மா.

நான் திரையில் இருந்த அய்யாவைப் பார்த்தேன். என்னைய மடியில வச்சு இப்படிச் சிரிச்சீகளே, நான் அய்யான்னு கூப்புடுற வரைக்குமாவது இருந்திருக்கக் கூடாதா? தலைக்குச் சூடு ஏறியது. கேமரா சத்தம் கேட்டது.

அய்யாவைவிட இப்போது எனக்கு வயது கூட. அதனால் என் நெற்றிச் சுருக்கங்களைக் குறைத்து, பழைய படத்தின் மங்கிய நிறத்துக்கும் பொடிப் புள்ளிகளுக்கும் ஒத்துப்போகிற மாதிரி பொருத்தினார். நரம்பும் அப்படியே வந்திருந்தது. எனக்குத் திருப்தி.

அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்த நரம்ப எடுத்துருங்க தம்பி. இவள மடியில வச்சிருக்கைல அவுகளுக்குக் கோவமே வராது."

தம்பி நரம்பை அழித்தார். அய்யா முழு முகத்தோடு சிரித்தார். அவரைப் பார்த்து முதல்முறையாக, வாய்விட்டு, "அய்யா" என்றேன்.